சிலேட்டும் இஸ்கூலும்: மெய்யெழுத்துகள் வரிசை கட்டும் முறை

ஆங்கிலத்திலிருந்து தமிழ்ப் பேச்சுக்கு வந்த இரண்டு பள்ளிக்கூடச் சொற்களை எடுத்துக்கொள்வோம். இரண்டும் ஆங்கிலத்தில் ‘ஸ்’ என்ற ஒலியில் தொடங்கி, உயிரொலி இடையே வராமல் உடனே இன்னொரு மெய்யோடு சேர்கின்றன. ‘ஸ்கூல்’ என்பதை ஊர்ப்புறத்துப் பெரியவர்கள் ‘இஸ்கூல்’ என்று சொல்வார்கள். அதாவது சொல்லுக்கு முன்னால் ஓர் இகரத்தை வைத்துக்கொள்வார்கள். ‘ஸ்லேட்’ என்பதை அதே பெரியவர்கள் ‘சிலேட்டு’ என்பார்கள். இங்கே இகரம் சொல்லுக்கு முன்னால் வராமல், இரண்டு மெய்களுக்கு நடுவே புகுந்துகொள்கிறது. ‘சிக்கூல்’ என்றோ ‘இஸ்லேட்டு’ என்றோ சொல்வது வழக்கமில்லை. எந்த இலக்கண ஆசிரியரும் சொல்லிக்கொடுக்காத இந்த வேறுபாட்டை மக்கள் இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடிப்பது எப்படி என்ற கேள்விக்கான விடை, உலக மொழிகளில் எந்த மெய்கள் எந்த வரிசையில் சேரும் என்ற பெரிய கேள்விக்குள் இருக்கிறது.

விடையைத் தொடங்க வேண்டிய இடம் ஒலிகளின் முழக்கம். மொழியியலார் சொனாரிட்டி என்று அழைக்கும் இந்தப் பண்பை எளிமையாக இப்படிச் சொல்லலாம்: ஒரே மூச்சில், ஒரே முயற்சியில் பல ஒலிகளை எழுப்பினால், சில ஒலிகள் தொலைவில் இருப்பவருக்கும் கேட்கும், சில ஒலிகள் அருகில் இருப்பவருக்கே சரியாகக் கேட்காது. வாய் எவ்வளவு திறந்திருக்கிறது, காற்று எவ்வளவு தடையின்றி வெளியேறுகிறது என்பதைப் பெரும்பாலும் பொறுத்தது இது. ‘ஆ’ என்று கத்தலாம். ‘க்’ என்று கத்த முடியாது.

இந்த முழக்கத்தைப் படிகளாக அடுக்கினால் அடியில் க், த், ப் போன்ற வெடிப்பொலிகள் நிற்கும். அவற்றைச் சொல்லும்போது வாய் ஒரு கணம் முழுதாக அடைபடுகிறது. அடுத்த படியில் ஸ், ஷ் போன்ற உரசொலிகள், அதற்கு மேல் ந், ம் போன்ற மூக்கொலிகள், அதற்கு மேல் ல், ள், பிறகு ர், ழ், பிறகு ய், வ், உச்சியில் உயிரொலிகள். கணக்குப் போட வசதியாக, வெடிப்பொலிக்கு 1, உரசொலிக்கு 2, மூக்கொலிக்கு 3, லகர ளகரங்களுக்கு 4, ரகர ழகரங்களுக்கு 5, யகர வகரங்களுக்கு 6, உயிருக்கு 7 என்று எண் கொடுத்துக்கொள்ளலாம். எண்கள் வெறும் வரிசை அடையாளங்களே. 6 என்பது 3இன் இரு மடங்கு முழக்கம் என்று பொருளில்லை. தமிழ் படித்தவருக்கு இந்த அடுக்கு புதிதாகவும் இராது. வல்லினம், மெல்லினம், இடையினம், உயிர் என்று நிறுத்திப் பார்த்தால் கிட்டத்தட்ட இதே ஏறுவரிசைதான். பெயரில் ‘இடை’ இருந்தாலும் முழக்கத்தில் இடையினம் மெல்லினத்துக்கு மேலேதான் நிற்கிறது என்பதை மட்டும் கவனத்தில் கொள்ள வேண்டும்.

இனி அசைக்கு வருவோம். இங்கே அசை என்பது யாப்பிலக்கணத்தின் நேரசை நிரையசையைக் குறிப்பதன்று. ஓர் உயிரை நடுவில் கொண்டு ஒரே தட்டில் சொல்லிவிடக்கூடிய ஒலித்துண்டைக் குறிப்பது. ஜெர்மானிய ஒலியியலாளர் எடுவர்ட் சீவர்ஸ் 1881இலும், டென்மார்க்கைச் சேர்ந்த ஓட்டோ யெஸ்பர்சன் 1904இலும் எழுதியவற்றிலிருந்து வளர்ந்து வந்த கருத்து இது: ஓர் அசைக்குள் முழக்கம் ஒரு மேட்டைப் போல இருக்கும், தொடக்கத்திலிருந்து உயிர்வரை ஏறும், உயிருக்குப் பிறகு இறங்கும், நடுவே பள்ளம் விழாது. ஆங்கிலத்தின் ‘ப்ளான்’ என்ற சொல்லில் ப் 1, ல் 4, உயிர் 7, ன் 3 என்று ஒழுங்காக ஏறி இறங்குகிறது. அதே ஒலிகளை ‘ல்பான்’ என்று மாற்றி வைத்தால் 4, 1, 7, 3 ஆகிவிடும். ‘ப்ள’ என்று தொடங்கும் சொற்கள் பல மொழிகளில் ஏராளமாக இருக்க, ‘ல்ப’ என்று தொடங்கும் சொற்கள் மிக அரிதாக இருப்பதன் காரணம் இதுவே.

காரணத்தை வாயிலும் காதிலும் நேரே பார்க்கலாம். ‘ப்ளா’ என்னும்போது உதடு முதலில் முழுதாக மூடியிருக்கிறது, பிறகு பாதி வழி திறக்கிறது, பிறகு முழுதாகத் திறக்கிறது, ஒரே அசைவு. ‘ல்பா’ என்னும்போதோ பாதி திறந்த வாயை மறுபடி மூடி மறுபடி திறக்க வேண்டும். கேட்பவருக்கும் இது சிக்கல்: முழக்கமுள்ள லகரம் ஒன்று, அதன்பின் ‘ப்’ ஏற்படுத்தும் அமைதி, அதன்பின் உயிர் என்று இரண்டு மேடுகள் காதில் விழுகின்றன. இரண்டு மேடு இருந்தால் இரண்டு அசை என்று காது கணக்கிடப் பழகியிருப்பதால், ‘ல்பா’ என்பது ‘இல்பா’ என்றோ ‘லபா’ என்றோதான் கேட்கும். முடியவே முடியாத ஒலிக்கூட்டு என்று எதுவும் அநேகமாக இல்லை. ஒரே அசையாகத் தரிக்காத கூட்டு என்பதே சரியான விவரிப்பு.

இப்போது ‘சிலேட்டு’க்குத் திரும்பலாம். ‘ஸ்லேட்’ என்பதில் ஸ் 2, ல் 4, உயிர் 7. ஏறுவரிசை சரியாகத்தான் இருக்கிறது. ‘ஸ்கூல்’ என்பதில் ஸ் 2, க் 1, உயிர் 7. முதல் அடியிலேயே சிறிய பள்ளம். தமிழ் தன் சொற்களின் தொடக்கத்தில் இரண்டு மெய்களை அறவே ஏற்பதில்லை என்பதால், பழைய பேச்சு வழக்கில் இரண்டுமே உடைபட வேண்டியவை. உடைப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு: உயிரை முன்னால் வைப்பது ஒன்று, நடுவில் வைப்பது மற்றொன்று. முன்னால் வைத்தால் முதல் மெய் முந்தைய அசையின் கடைசிக்குப் போய்விடும்: இஸ்.கூல், இஸ்.லேட். அப்போது ஓர் அசை முடியும் இடமும் அடுத்த அசை தொடங்கும் இடமும் சந்திக்கும் எல்லையில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். இந்த எல்லையைப் பற்றி ராபர்ட் மரேயும் தியோ ஃபெனமானும் 1983இல் ஒரு விதியை வகுத்தனர்: முந்தைய அசையை முடிக்கும் மெய், பிந்தைய அசையைத் தொடங்கும் மெய்யைவிட முழக்கம் மிக்கதாக இருக்க இருக்க, சந்திப்பு நல்லதாக இருக்கும். இஸ்.கூல் என்பதில் 2இலிருந்து 1க்கு இறக்கம், நல்ல சந்திப்பு. இஸ்.லேட் என்பதில் 2இலிருந்து 4க்கு ஏற்றம், கெட்ட சந்திப்பு. ஆகவே முதலாவதற்கு முன்னால் வைக்கும் வழி போதுமானதாகிறது, இரண்டாவதற்கு நடுவில் நுழைப்பதைத் தவிர வேறு வழி இல்லாமற்போகிறது.

இதே கணக்கு மற்றச் சொற்களுக்கும் பொருந்துகிறதா என்று சோதித்துப் பார்க்கலாம். ‘ஸ்டேஷன்’ 2, 1 என்பதால் இஸ்டேஷன். ‘ஸ்பூன்’ 2, 1 என்பதால் இஸ்பூன். ‘ப்ளேட்’ 1, 4 என்பதால் பிளேட். ‘க்ளாஸ்’ அதேபோல் கிளாஸ். ‘ட்ரெயின்’ 1, 5 என்பதால் டிரெயின். இப்பழக்கம் தமிழுக்கு மட்டும் உரியதும் அன்று. இந்திப் பேச்சிலும் ‘இஸ்கூல்’ உண்டு. எகிப்திய அரபு பேசுவோர் ஆங்கிலச் சொற்களைச் சொல்லும்போது ‘ஸ்டடி’ என்பது இஸ்டடி ஆகிறது. ‘ப்ளாஸ்டிக்’ என்பது பிலாஸ்டிக் ஆகிறது. ‘ஸ்லைட்’ என்பது சிலைட் ஆகிறது. ஒன்றோடொன்று உறவில்லாத மொழிக் குடும்பங்கள், ஒரே இடத்தில் ஒரே உயிரை வைத்துக்கொள்கின்றன.

சொல்லின் மறுமுனையில் இதன் கண்ணாடிப் பிம்பத்தைக் காணலாம். ‘பெல்ட்’ என்பது உயிர் 7, ல் 4, ட் 1 என்று ஒழுங்காக இறங்குகிறது. அதன் இறுதியில் வெடிப்பொலியோடு சொல்லை முடிக்கப் பிடிக்காத தமிழ், ஓர் உகரத்தை ஒட்டிப் ‘பெல்ட்டு’ என்கிறது. லகரத்துக்கும் டகரத்துக்கும் நடுவே எதையும் நுழைப்பதில்லை. ‘பல்பு’, ‘பேங்கு’, ‘லாம்பு’ எல்லாம் இவ்வகையே. ஆனால் ‘டேபிள்’ என்னும் சொல்லின் ஆங்கில மூலத்தில் உயிருக்குப் பின் ப் 1, ல் 4 என்று முழக்கம் இறங்கிய பிறகு மறுபடி ஏறுகிறது. ஆங்கிலமே அதை ஓர் அசையாக வைத்திருக்க முடியாமல் கடைசி லகரத்தை உயிரைப் போலத் தனி அசையாக்கிக்கொண்டது. தமிழ் இகரத்தை நடுவில் வைத்தது: டேபிள், ஆப்பிள், சைக்கிள், சிங்கிள். ‘சோஷலிசம்’ போன்ற சொற்களில் ஸ் 2, ம் 3 என்று வரும் சிறிய ஏற்றமே அகரத்தை நடுவில் வரவழைத்துவிடுகிறது. ‘அலாரம்’, ‘பிலிம்’ போன்றவை சற்று விலகி நிற்கின்றன. அங்கே ர், ம் என்றும் ல், ம் என்றும் இறக்கம்தான் இருக்கிறது, ஆயினும் இறக்கம் சிறியது, போதாததற்கு மகரத்தில் சொல்லை முடிப்பது தமிழுக்கு இயல்பு. இரண்டில் எது இங்கே உயிரை வரவழைத்தது என்று முழக்கக் கணக்கை மட்டும் வைத்து முடிவு சொல்ல இயலாது.

ஆங்கிலச் சொற்கள் நேற்று வந்தவை. வடமொழிச் சொற்கள் தமிழுக்கு வந்து பல நூற்றாண்டுகள் ஆயின. அங்கே இந்த ஒழுங்கு இன்னும் துல்லியமாகப் படிந்திருக்கிறது. ‘சந்த்ர’ என்ற சொல்லில் ந், த், ர் என்று மூன்று மெய்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. ந் 3இலிருந்து த் 1க்கு இறக்கம். தமிழ் அதைத் தொடவில்லை. த் 1இலிருந்து ர் 5க்கு ஏற்றம். அங்கே இகரம் நுழைந்து ‘சந்திரன்’ ஆயிற்று. இந்திரன், மந்திரம், தந்திரம் ஆகிய சொற்களிலும் இதுவே நடந்தது. ஒரே சொல்லுக்குள் ஒரு சந்திப்பு அப்படியே நிற்க, அடுத்த சந்திப்பு உடைபடுவதைக் காணும்போது, தமிழுக்கு மெய்க்கூட்டமே ஆகாது என்ற பொதுவான எண்ணம் சரியன்று என்பது தெரிகிறது. தமிழுக்கு ஆகாதது ஏற்றம்.

ஏற்றமும் இல்லாமல் இறக்கமும் இல்லாமல் இரண்டு மெய்களும் ஒரே படியில் நின்றால் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. பக்தி என்பது பத்தி, முக்தி என்பது முத்தி, சப்தம் என்பது சத்தம். இவற்றில் உயிர் எதுவும் புகவில்லை. முதல் வெடிப்பொலி இரண்டாவதன் உருவை எடுத்துக்கொண்டு இரட்டித்துவிட்டது. மார்க்கம், தீர்த்தம், வார்த்தை ஆகியவற்றிலோ ர் 5இலிருந்து 1க்குச் செங்குத்தான இறக்கம் இருப்பதால் எந்தச் சீரமைப்பும் தேவைப்படவில்லை.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர், வடசொற்களில் மெய்கள் இணைந்து வரும்போது எந்த உயிர் இடையில் தோன்றும் என்று ஒரு நூற்பாவில் குறிக்கிறார். ய, ர, ல ஆகியவற்றின் முன் இகரமும், ம, வ ஆகியவற்றின் முன் உகரமும், நகரத்தின் முன் அகரமும் வரும் என்கிறார். வாக்கியம், வக்கிரம், சுக்கிலம், பதுமம், பக்குவம், அரதனம் என்பவை அதற்கான எடுத்துக்காட்டுகள். அவர் பட்டியலில் உள்ள ஆறு எழுத்துகளையும் உற்றுப் பார்த்தால், எல்லாமே மெல்லினமும் இடையினமும்; வல்லினம் ஒன்றுகூட இல்லை. இரண்டாவது மெய் வல்லினமாக இருந்தால் ஏற்றம் உண்டாகாது, உயிர் தேவைப்படாது. முழக்கம் என்ற சொல்லைப் பயன்படுத்தாமலேயே நூற்பா அதன் எல்லைக்கோட்டைச் சரியாக வரைந்திருக்கிறது.

கடன்சொற்களை விட்டுத் தமிழின் சொந்தச் சொற்களுக்கு வந்தால், ‘வாழ்ந்தான்’ என்பதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம். இது வாழ்ந்.தான் என்று இரண்டு அசைகளாகப் பிரிகிறது. முதல் அசையின் முடிவில் இரண்டு மெய்கள்: ஆ 7, ழ் 5, ந் 3. அடுத்த அசை தொடங்கும் த் 1. நான்கு ஒலிகள் ஒரு படியும் பிசகாமல் 7, 5, 3, 1 என்று இறங்குகின்றன. இந்த இரட்டை ஒற்றைத் தொல்காப்பியம் விதியாகவே கூறுகிறது: ய, ர, ழ ஆகிய மூன்றின் பின்னால் மட்டும் க, ச, த, ப அல்லது ங, ஞ, ந, ம ஈரொற்றாக நிற்கும். பாய்ந்தான், சேர்ந்தான், வாழ்க்கை, வாய்ப்பு ஆகியவை அப்படி அமைந்தவை. ‘வாந்ழ்தான்’ போன்ற தலைகீழ் அடுக்கு ஒன்றுகூடத் தமிழில் இல்லை. லகர ளகரங்களும் மூக்கொலிக்கு மேலேதானே நிற்கின்றன, அவை ஏன் ஈரொற்றின் தலையில் வரவில்லை என்று கேட்கலாம். எந்த அடுக்கு கெட்டது என்பதை மட்டுமே முழக்கக் கொள்கை சொல்லும். நல்ல அடுக்குகளில் எவற்றை எடுத்துக்கொள்வது என்பதை ஒவ்வொரு மொழியும் தன் வரலாற்றின்படி முடிவு செய்துகொள்கிறது.

எந்த மெய்யை அடுத்து எந்த மெய் வரலாம் என்று கூறும் மெய்ம்மயக்க விதிகளும் இதே பக்கம் சாய்கின்றன. க, ச, த, ப ஆகியவை தம்மோடு தாம் மட்டுமே மயங்கும். அவற்றின் பின்னால் வேறு மெய் வராது. முழக்கத்தில் அடிப்படியில் இருப்பவை வேறு எதற்கு முன்னால் நின்றாலும் இறக்கம் கிடைக்காது. ர, ழ ஆகியவை இதற்கு நேர்மாறாகப் பல மெய்களுக்கு முன்னால் நிற்கும், ஆனால் தம்மோடு தாம் மயங்கா. ஆனாலும் தமிழ் இந்த விதிக்கு முழு அடிமையன்று. ‘நட்பு’, ‘கற்க’ ஆகியவற்றில் இரு வல்லினங்கள் ஒரே படியில் நிற்கின்றன. ‘செல்வம்’ என்பதில் 4இலிருந்து 6க்குச் சிறிய ஏற்றமே இருக்கிறது. தமிழ் சகிக்காதது, வல்லினத்திலிருந்து மேலே தாவும் பெரிய ஏற்றம்.

விதியை மீறும் மொழிகளைச் சொல்லாமல் விட்டால் விளக்கம் நேர்மையாக இராது. ஆங்கிலத்திலேயே ‘ஸ்டாப்’, ‘ஸ்கூல்’ ஆகியவை மீறல்கள்தாம். ஸகரம் இந்த ஒழுங்கில் எப்போதும் தொல்லை கொடுக்கும் ஒலி. அதன் கூர்மையான சீறல், அருகில் உயிர் இல்லாவிட்டாலும் தனியாகக் காதில் விழுந்துவிடுவதால், அது மட்டும் வரிசைக்கு வெளியே நின்று பிழைத்துக்கொள்கிறது. எல்லா மொழியும் அதைப் பொறுத்துக்கொள்வதும் இல்லை. லத்தீனின் ‘ஸ்கோலா’ ஸ்பானிய மொழியில் ‘எஸ்குவேலா’ ஆனது. வடமொழியின் ‘ஸ்தலம்’, ‘ஸ்தானம்’ ஆகியவை தமிழில் ஸகரத்தை உதிர்த்துத் தலம், தானம் ஆயின. முழக்கம் ஏறும் ‘ஸ்லோகம்’, ‘ஸ்நேகம்’ ஆகியவை மட்டும் ஸகரத்தை இழக்காமல் நடுவில் உயிர் பெற்றுச் சுலோகம், சிநேகம் என்று நின்றன.

ரஷ்ய மொழியின் மீறல் இன்னும் கடுமையானது. அங்கே நெற்றிக்கு ‘லோப்’ என்றும், ‘நெற்றியின்’ என்பதற்கு ‘ல்பா’ என்றும் பெயர். வாய்க்கு ‘ரோத்’, ‘வாயின்’ என்பதற்கு ‘ர்தா’. மேலே எது அநேகமாக வராது என்று சொன்னோமோ அதுவே அப்படியே வருகிறது. ஆனால் இந்தக் கூட்டுகள் தொடக்கத்திலேயே இப்படி அமைக்கப்பட்டவை அல்ல. பழைய ஸ்லாவிய மொழியில் இவ்விரு மெய்களுக்கும் நடுவே மிகக் குறுகிய உயிர் ஒன்று இருந்தது. காலப்போக்கில் அது தேய்ந்து மறைய, இரண்டு மெய்களும் திடீரென்று ஒட்டிக்கொண்டன. செக் மொழியில் ‘வ்ல்க்’ என்றால் ஓநாய், ‘க்ர்க்’ என்றால் கழுத்து. உயிரே இல்லாத சொற்களாகத் தோன்றினும், நடுவிலுள்ள லகரமும் ரகரமும் மேட்டின் உச்சியாகச் செயல்படுவதால் முழக்க ஒழுங்கு இங்கே மீறப்படவே இல்லை. உச்சிக்கு உயிர் கிடைக்காதபோது அதற்கு அடுத்தபடி முழக்கமுள்ள ஒலி அந்த இடத்துக்கு வருகிறது. மொராக்கோவின் தஷெல்ஹீத் பெர்பெர் மொழியில் இது எல்லைவரை போய்விடுகிறது; 1985இல் ஃபிரான்சுவா தெலும் முகம்மது எல்மெத்லாவியும் எழுதிய ஆய்வு, அம்மொழியில் எந்த மெய்யும், வெடிப்பொலியும்கூட, அசையின் உச்சியாகலாம் என்றும், எது உச்சியாகும் என்பதை முழக்க வரிசையே தீர்மானிக்கிறது என்றும் காட்டியது.

இந்த ஒழுங்கு மனித மூளையில் பிறப்பிலேயே இருக்கிறதா, கேட்டுப் பழகிய சொற்களிலிருந்து உருவாகிறதா என்பது தீராத வழக்கு. ஐரிஸ் பெரெண்டும் அவருடைய கூட்டாளிகளும் 2007இல் ஆங்கிலம் பேசுவோருக்கு ‘ப்லிஃப்’, ‘ப்னிஃப்’, ‘ப்திஃப்’, ‘ல்பிஃப்’ போன்ற, உண்மையில் இல்லாத சொற்களை ஒலிக்கச் செய்து, கேட்டது ஓரசையா ஈரசையா என்று கேட்டார்கள். வரிசை கெடக் கெட, இல்லாத ஓர் உயிரைக் கற்பித்துக்கொண்டு ஈரசை என்று சொன்னவர்கள் கூடினார்கள். மறு ஆண்டு கொரிய மொழி பேசுவோரிடமும் இதே சாய்வு தெரிந்தது. கொரிய மொழியில் சொல்லின் தொடக்கத்தில் இத்தகைய மெய்க்கூட்டங்களே கிடையா. இதைப் பிறவி அறிவுக்குச் சான்றாக ஒரு சாரார் கொள்கிறார்கள். சொல்லின் நடுவில் வரும் ஒலிச்சந்திப்புகளிலிருந்தும், ‘ல்ப’ போன்றவை காதுக்கே தெளிவற்று விழுவதிலிருந்தும் இந்தச் சாய்வு பிறக்கலாம் என்று மற்றொரு சாரார் மறுக்கிறார்கள். முழக்கம் என்பதே அளக்க முடியாத கற்பனை என்ற பழைய ஆட்சேபத்துக்கு மட்டும் ஓரளவு பதில் கிடைத்திருக்கிறது: ஸ்டீவ் பார்க்கர் 2002இல் தம் ஆய்வேட்டில் ஆங்கில, ஸ்பானிய ஒலிகளின் செறிவைக் கருவியால் அளந்தபோது, அளவுகள் மொழியியலார் காதை நம்பி வகுத்திருந்த படிவரிசையோடு மிக நெருக்கமாகப் பொருந்தின.